12 மணி நேரம் மட்டுமே இருந்த ஒரு வியாழக்கிழமை

என் தங்கை மகள் புதுச்சேரியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், வரலாறு எடுத்திருக்கிறாள். போன மாதம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு ஆவணத்தை நீங்களே எழுத வேண்டும், அப்புறம் அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் எப்படி அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது என்று தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். இவள் கப்பலைப் பிடித்துக்கொண்டாள். 1751-இல் கடலூரிலிருந்து துணிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு லண்டன் புறப்படும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், அதில் ஒரு மாலுமி எழுதும் பயணக் குறிப்பேடான லாக் புக்கில் ஒரு நாள். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு மஞ்சக்குப்பத்தில். லாக் புக் எழுதியே கை தேய்ந்தவன் என்பதால் சனிக்கிழமை நோட்டோடு வந்துவிட்டாள்.

அவள் எழுதியிருந்தது இதுதான்:

"1751 ஜனவரி 14, வியாழன். இன்று பொங்கல். காலையில் கரையிலிருந்து படகுகள் வந்தன. மாலை 4 மணிக்கு நங்கூரம் தூக்கினோம். வாடைக் காற்று. இரவு முழுக்கத் தென்கிழக்காக ஓடினோம். மறுநாள் பகல் 12 மணிக்குச் சூரியனைப் பார்த்தோம். 10 டிகிரி 42 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 48 நிமிடம் கிழக்கு."

படித்ததும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பருவம் சரி. வடகிழக்குப் பருவமழையின் புயல் காலத்துக்குச் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் நிற்கப் பயப்படும், ஜனவரி பிப்ரவரியில் வானம் தெளிந்ததும் வாடையைப் பின்னால் வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனைப் பக்கம் குளிர்காலம் தொடங்குவதற்குள் அதைத் தாண்டிவிடப் பார்ப்பார்கள். இடமும் சரி. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதிலிருந்து 1752 வரை ஆங்கிலக் கம்பெனிக்கு இந்தக் கரையில் தலைமை இடமே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான். ஆக கடலூரில் சரக்கேற்றுவது இயல்பு. படகுகளும் சரி. கரையோரம் அலை உடையும் இடத்தைக் கப்பல் நெருங்க முடியாது, ஏழெட்டு பாகம், அதாவது நாற்பது ஐம்பது அடி ஆழத்தில் வெளியே நிற்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் சிப்பத்தைக் கொண்டு சேர்க்கும்.

சிக்கல் முதல் வரியில் இருந்தது. தேதியில்.

அவள் தேதியை எப்படி எடுத்தாள் என்று கேட்டேன். "போன்ல காலண்டர்ல 1751 வரைக்கும் பின்னாடி போனேன் மாமா, ஜனவரி 14 வியாழன்னு காட்டுச்சு" என்றாள். போன் காட்டுவது கிரிகோரியன் காலண்டர். 1582-லேயே பிரான்ஸ் அதற்கு மாறிவிட்டது. இங்கிலாந்து மாறவில்லை, 1752 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று அறிவித்துத்தான் அவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை ஆங்கிலேயர் போகிற இடமெல்லாம் பழைய ஜூலியன் தேதிதான். 1700-க்குப் பிறகு இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம்.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர். 1751-இல் ஒரே காலையில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குமாஸ்தா ஜனவரி 21 என்று எழுதுகிறான், பெண்ணையாற்றைத் தாண்டி வந்தால் கடலூரில் ஆங்கிலக் குமாஸ்தா ஜனவரி 10 என்று எழுதுகிறான். புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் முடிந்து 11 நாள் கழித்துத்தான் தேவனாம்பட்டினத்தில் கிறிஸ்துமஸ். ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமையோடு வெள்ளைக்காரர் தேதியும் இருக்கும். அது புதுச்சேரியில் எழுதியது, ஆகவே பிரெஞ்சுத் தேதி. அதே சம்பவத்தைக் கோட்டையின் ஆங்கிலப் பதிவில் தேடுகிறவர்கள் 11 நாள் முன்னால் பார்க்க வேண்டும்.

கிழமை மட்டும் மாறாது. வியாழன் எல்லோருக்கும் வியாழன்தான். அதனால்தான் பழைய ஆவணத்தில் கிழமை எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1751 ஜனவரி 10 என்று போனில் பார்த்தால் ஞாயிறு வரும். கடலூர் லாக் புக்கில் அதே தேதி வியாழன் என்று இருந்தால், எழுதினவன் தப்பாக எழுதவில்லை, பழைய காலண்டரில் எழுதியிருக்கிறான் என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். இவள் எழுதியதில் "ஜனவரி 14, வியாழன்" என்று இருந்ததா, ஒரு ஆங்கிலக் கப்பலில் அது நடக்கவே முடியாத நாள். அவர்கள் கணக்கில் அந்த ஜனவரி 14 திங்கட்கிழமை.

வருஷமும் இடித்தது. பழைய ஆங்கிலக் கணக்கில் வருஷம் பிறப்பது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் போன வருஷத்தின் வால். ஆகவே நாம் 1751 ஜனவரி என்று சொல்வதை அந்த மாலுமி 1750 என்றோ, குழப்பம் வேண்டாம் என்று 1750/51 என்றோ எழுதுவான். ஆவணக் காப்பகத்தில் "1750 ஜனவரி, கடலூர்" என்று ஒரு தாளைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு முழு வருஷம் பின்னால் போய்விடுவோம்.

அப்புறம் பொங்கல். இதைச் சொல்லும்போது அவள் முகம் வாடிவிட்டது, எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவள் கட்டுரைக்கு உயிரே அந்த வரிதான். தை முதல் தேதி இப்போது ஜனவரி 14, 15-இல் வருவதால் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். நம் பஞ்சாங்க வருஷம் நட்சத்திரத்தை வைத்து ஓடுவது, கிரிகோரியன் வருஷத்தை விட இருபது நிமிடம் போல நீளம். சுமார் எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். பின்னோக்கிக் கணக்கிட்டால் 1751-இல் பொங்கல் புதுச்சேரித் தேதிப்படி ஜனவரி 10, 11 வாக்கில் வருகிறது. கடலூர் ஆங்கிலேயன் கணக்கில் அது டிசம்பர் கடைசி. அவனுக்கு இன்னும் ஜனவரியே பிறக்கவில்லை!

"அப்போ பொங்கலை எடுத்துடவா மாமா?"

எடுக்க வேண்டாம், தள்ளி வை என்றேன். கப்பல் பொங்கலன்று புறப்பட வேண்டும் என்று என்ன இருக்கிறது? வியாழனை அவள் விடமாட்டேன் என்றாள், சரி, அடுத்த வியாழனுக்குப் போனோம். புதுச்சேரியில் ஜனவரி 21, கடலூரில் ஜனவரி 10, நமக்குத் தை மாதம், பொங்கல் முடிந்து பத்து நாள். படகுக்காரர்கள் கரை திரும்பி, வேலை மறுபடி சூடு பிடித்திருக்கும் நேரம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாலை 4 மணிக்கு நங்கூரம் தூக்கினார்கள், தேதி 10, மறுநாள் பகலில் சூரியனைப் பார்த்தது 11, இரண்டு தனித்தனி நாளாகப் பிரித்து எழுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் கப்பலில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் எழுதினேன், நள்ளிரவு 12-க்குப் பக்கம் திருப்பி புதுத் தேதி போட்டு. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்துக் கப்பலில் நாள் நள்ளிரவில் பிறக்காது. பகல் 12-இல் பிறக்கும்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் மொத்த லாக் புக்கும் புரிந்துவிடும். நடுக்கடலில் ஒரு கப்பலுக்கு உறுதியான நேரம் என்று ஒரு நாளில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, சூரியன் உச்சிக்கு வரும் நொடி. அப்போதுதான் அட்சரேகை கிடைக்கும், அப்போதுதான் மணற்குடுவையைத் திருப்பிப் புதிதாகத் தொடங்குவார்கள், முந்தைய 24 மணி நேர ஓட்டத்தைக் கூட்டி முடிப்பதும் அப்போதே. அதனால் நண்பகலிலிருந்து நண்பகல் வரை ஒரு நாள். அதுவும் எப்படி? நண்பகலில் முடியும் தேதியின் பெயர்தான் அந்த நாளுக்கு. கரையில் வியாழன் 10-ஆம் தேதி பகல் 12 அடித்தவுடன் கப்பலில் வெள்ளி 11 பிறந்துவிடும். பிற்பகல் முதலில், மறுநாள் முற்பகல் பின்னால். ஆங்கிலேயக் கடற்படை இதை 1805-இல்தான் கைவிட்டது.

ஆகவே வியாழன் சாயங்காலம் 4 மணிக்கு நங்கூரம் தூக்கியது லாக் புக்கில் வெள்ளிக்கிழமை, ஜனவரி 11. கரையில் நின்று கை அசைத்தவனுக்கு 10. இரண்டும் சரி.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கப்பல் துறையில் நங்கூரமிட்டு நிற்கும்போது கரை நாள்படி, நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எழுதுவார்கள். கிளம்பும்போது கடல் நாளுக்கு மாற வேண்டும். 10-ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கியது, பகல் 12-இல் 11 பிறந்துவிட்டது, ஆக 10-ஆம் தேதிக்கு 12 மணி நேரம்தான் ஆயுள். "இந்த நாள் 12 மணி நேரம் கொண்டது, கடல் லாக் தொடங்குவதற்காக" என்ற மாதிரி ஒரு குறிப்பு அந்த இடத்தில் வரும். போய்ச் சேரும் துறையில் இதற்கு நேர்மாறு, ஒரு நாள் 36 மணி நேரம் நீளும். பழைய லாக் புக்கைப் பார்க்கும்போது இந்தக் குறிப்பு கண்ணில் பட்டால், கப்பல் கடலுக்குள் போய்விட்டது அல்லது துறைக்கு வந்துவிட்டது என்று நங்கூர வரியைத் தேடாமலேயே சொல்லிவிடலாம்.

காலையிலேயே போன் போட்டு வரச் சொன்னேன். நான் சொல்லித் தந்தது தப்பு என்றதும் கோபப்படுவாள் என்று பார்த்தேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். "12 மணி நேரம் இருக்கிற வியாழக்கிழமை, சூப்பர் மாமா!" என்று அதையே தலைப்பாக எழுதிவிட்டாள்.

பிறகு சூரியனுக்கு வந்தோம். 10 டிகிரி 42 நிமிடம் என்று அவள் சும்மா வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருந்தாள். அதை, வேகத்தையும் திசையையும் வைத்துப் போடும் ஓட்டக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தோம். புறப்பட்ட இடம் 11 டிகிரி 45 நிமிடம். மாலை 4-லிருந்து மறுநாள் பகல் 12 வரை 20 மணி நேரம், சராசரி 4 நாட் வேகம், 80 கடல் மைல். நேர் தென்கிழக்கு என்றால் தெற்கே 57, கிழக்கே 57. ஆக ஓட்டக் கணக்குப்படி 10 டிகிரி 48 நிமிடத்தில் இருக்க வேண்டும். சூரியன் சொல்வது 42. ஆறு மைல் கூடுதலாகத் தெற்கே வந்திருக்கிறது.

அவள் உடனே 48 என்று திருத்தப் போனாள், நான் விடவில்லை. இந்த ஆறு மைல்தான் அந்தப் பதிவையே நிஜமாக்குகிறது. ஓட்டக் கணக்கும் சூரியனும் தினமும் மிகச் சரியாகப் பொருந்துகிற லாக் புக்கைப் பார்த்தால் நான் சந்தேகப்படுவேன், கேப்டனுக்குக் கீழே இருக்கும் அதிகாரி, மேட் என்போம், யாரோ ஒரு சோம்பேறி மேட் சூரியனைப் பார்த்துவிட்டு பின்னோக்கி வேகத்தை நிரப்பியிருக்கிறான் என்று. வித்தியாசம் வரக் காரணம் பல. தெற்கே போகும் நீரோட்டம் ஒன்று. வேகம் அளக்கும் முறை இன்னொன்று. கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள், அதன் நுனியில் கட்டிய கட்டையைக் கடலில் போட்டு, 28 வினாடி மணற்குடுவை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே போகிறது என்று எண்ணுவார்கள். நாட் என்ற பெயரே அந்த முடிச்சுதான். குடுவையின் கழுத்துத் துளை தேய்ந்து போனால் மணல் சீக்கிரம் இறங்கிவிடும், 28 வினாடி என்பது உண்மையில் 25 ஆகிவிடும், முடிச்சு குறைவாக எண்ணப்படும், கப்பல் நாம் நினைத்ததை விட அதிகம் ஓடியிருக்கும். 57-க்குப் பதில் 63 மைல் தெற்கே வந்ததற்கு அது ஒன்றே போதும். நல்ல மேட் எது காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டான், வித்தியாசத்தை எழுதிவைத்துவிட்டு நாளைக்கும் அதே பக்கம் தள்ளுகிறதா என்று பார்ப்பான்.

சூரியனின் உயரத்தையும் எழுதலாம் என்று ஆசைப்பட்டாள். இங்கே நான் மறுபடியும் தேதியில் விழ இருந்தேன். தேதி 11 என்று முடிவாகிவிட்டதால் இன்றைய அட்டவணையில் ஜனவரி 11-க்குச் சூரியனின் சாய்வை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பார்த்தேன், தெற்கே 21 டிகிரி 52 நிமிடம். அதோடு 10 டிகிரி 42-ஐக் கூட்டி 90-இலிருந்து கழித்தால் உயரம் 57 டிகிரி 26 நிமிடம். பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, சூரியனுக்கு இங்கிலாந்து ராஜாவின் காலண்டர் தெரியாது. அன்று வானத்தில் இருந்தது நம் ஜனவரி 22-இன் சூரியன், சாய்வு 19 டிகிரி 45 நிமிடம். சரியான உயரம் 59 டிகிரி 33. நான் போட்டிருந்த 57 டிகிரி 26-ஐ விஷயம் தெரிந்த ஒருவர் சரிபார்த்தால் கப்பல் எங்கே இருக்கும் தெரியுமா? 12 டிகிரி 49 நிமிடம் வடக்கு. சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கு நேராக! கடலூரிலிருந்து ராத்திரி முழுக்கத் தெற்கே ஓடின கப்பல் வடக்கே போய் நிற்கும்.

தீர்க்கரேகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, எடுக்கச் சொல்லிவிட்டேன். கடலில் நம்பகமாகத் தீர்க்கரேகை பார்க்கும் கடிகாரம் சோதனைக்குப் போனதே 1761-இல்தான். 1751-இல் ஒரு மேட் எழுதக்கூடியது "கடலூரிலிருந்து கிழக்கே 57 மைல்" என்பது மட்டுமே, அதுவும் ஓட்டக் கணக்கு.

யார் எழுதுகிறார் என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். அவள் மனதில் இருந்தது தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன். கம்பெனிக் கப்பலில் லாக் எழுதுவது கேப்டனும் மேட்டுகளும்தான், பயணம் முடிந்ததும் அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும், அப்படிச் சேர்ந்தவைதான் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பையன் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்க முடியாது. அவனை லாக் புக்கில் நுழைத்தால் பொய்யாகிவிடும், விட்டுவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேட்டின் பதிவை முழுதாக எழுதி, கீழே இன்னொரு சின்ன ஆவணமாகக் கரையில் படகுக் கூலி எழுதும் கணக்கப்பிள்ளையின் ஓலையில் ஒரு வரி. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

அவள் கொடுத்தது இப்படி:

"1750/51 ஜனவரி 10, வியாழன். கடலூர்த் துறை, 7 பாகம் ஆழம். வாடை, மிதமாக, வானம் தெளிவு. மசூலாப் படகில் கடைசிச் சிப்பங்கள் ஏற்றியாயிற்று. இந்த நாள் 12 மணி நேரம் கொண்டது, கடல் லாக் தொடங்குவதற்காக.

ஜனவரி 11, வெள்ளி. முதல் பகுதி: வடகிழக்குக் காற்று, நல்ல காற்று. மாலை 4-க்கு நங்கூரம் எடுத்துப் பாய் விரித்தோம். 6-க்குக் கோட்டைக் கொடிமரம் மேற்கு வடமேற்கில். நடுப்பகுதி: அதே காற்று, தென்கிழக்கு ஓட்டம், 4 நாட். கடைசிப் பகுதி: 3 முதல் 5 நாட். நண்பகலில் சூரியன் 59 டிகிரி 33 நிமிடம். அட்சரேகை கணக்குப்படி 10.48, பார்த்தபடி 10.42. கடலூரிலிருந்து கிழக்கே 57 மைல். 6 மைல் தெற்கே வித்தியாசம், நீரோட்டம் என்று நினைக்கிறேன்."

கீழே:

"பிரமோதூத வருஷம் தை மாதம் வியாழக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ்காரன் கப்பல் பாய் எடுத்தது. படகுக் கூலி பாக்கி."

வகுப்பில் ஆசிரியை நிறுத்திக் கேட்டது ஒரே கேள்வியாம். மேலே வெள்ளிக்கிழமை கிளம்புகிற கப்பல் கீழே வியாழக்கிழமை கிளம்புகிறதே, எது தப்பு? அவள் கரும்பலகைக்குப் போய் ஒரு கோடு போட்டு, நடுவில் பகல் 12 என்று எழுதி, கோட்டுக்கு மேலே கப்பல் நாளையும் கீழே கரை நாளையும் பிரித்துக் காட்டியிருக்கிறாள்.